கண்ணுக்குள் சண்டை வேண்டாம்

1905ஆம் ஆண்டு டிசம்பர் 7. இன்று செக் குடியரசில் இருக்கும் ஒலோமோட்ஸ் நகரில் எட்வார்ட் சிர்ம் என்ற கண் மருத்துவர் ஒரு விசித்திரமான அறுவை சிகிச்சையைச் செய்தார். அவரிடம் வந்திருந்தவர் ஒரு கூலித் தொழிலாளி. சுண்ணாம்பு தெறித்து இரண்டு கண்களும் வெந்து, முன்பக்கம் பால் படிந்த கண்ணாடிபோல் வெளுத்துவிட்டன. அதே மருத்துவமனையில் 11 வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். இரும்புத் துண்டு பாய்ந்த அவனுடைய கண்ணைக் காப்பாற்ற வழியில்லை. அதை அகற்றியே ஆகவேண்டும். அகற்றிய அந்தக் கண்ணிலிருந்து, தெளிவாக இருந்த முன் படலத்தை இரண்டு சிறு வட்டங்களாக வெட்டியெடுத்து, தொழிலாளியின் இரு கண்களிலும் பொருத்தினார் சிர்ம். ஒன்று தோற்றது. மற்றொன்று தெளிவாகவே நிலைத்தது. அந்த மனிதர் மீண்டும் வேலைக்குப் போகுமளவுக்குப் பார்வை பெற்றார்.

இதில் என்ன விசித்திரம் என்று கேட்கிறீர்களா? அன்று உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் மருந்து எதுவும் கிடையாது. கொடுப்பவரும் பெறுபவரும் உடலளவில் பொருந்துகிறார்களா என்று பார்க்கும் சோதனையும் கிடையாது. இரத்த வகைகள் கண்டுபிடிக்கப்பட்டே நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்தி வெற்றி பெற உலகம் 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் ஒரே மாதிரி இரட்டையர்களுக்கு இடையில் நடந்ததால்தான் உடல் ஏற்றுக்கொண்டது. அப்படியிருக்க, முன்பின் தெரியாத ஒரு சிறுவனின் கண் படலத்தைத் தொழிலாளியின் உடல் ஏன் அந்நியப் பொருள் என்று அழிக்கவில்லை?

பதிலைத் தேடுவதற்கு முன் வீக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். மருத்துவத்தில் இதை அழற்சி என்பார்கள். உங்கள் காலில் முள் குத்தி இரண்டு நாள் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறது. அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து, அவற்றின் சுவர்களில் இடைவெளி விழுந்து, நீரும் வெள்ளையணுக்களும் வெளியே வருகின்றன. வந்த வெள்ளையணுக்கள் கிருமிகளைத் தின்பதோடு நிற்பதில்லை. கடுமையான இரசாயனங்களையும் நொதிகளையும் கொட்டுகின்றன. அவற்றுக்குக் கிருமி எது, பக்கத்தில் இருக்கும் நம் சொந்த உயிரணு எது என்ற வேறுபாடு தெரியாது. சீழ் என்பது பெரும்பாலும் இந்தச் சண்டையில் செத்த வெள்ளையணுக்களும் சிதைந்த திசுவும்தான். தோலுக்கு இது ஒரு பொருட்டல்ல. கீழிருந்து புதிய உயிரணுக்கள் பிறந்து இடத்தை நிரப்பிவிடும். தழும்பு விழுந்தாலும் கால் நடக்கும்.

அதே சண்டை கண்ணுக்குள் நடந்தால்?

கண்ணின் முன்புறத்தைக் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் மூடியிருக்கும் படலத்துக்குக் கார்னியா என்று பெயர். நடுவில் அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதன் உட்புறத்தில் ஒரே ஒரு வரிசையாக, தேன்கூட்டு அறைகளைப் போல அறுகோண வடிவ உயிரணுக்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. கார்னியாவுக்குள் ஊறும் நீரை இவை இரவும் பகலும் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கின்றன. இறைப்பது நின்றால் கார்னியா நீரில் ஊறி, உப்பி, வெளுத்துவிடும். இளம் வயதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இவை 3,000 அளவில் இருக்கும். நம் உடலில் இவை மீண்டும் பெருகுவதில்லை. ஒன்று செத்தால் பக்கத்தில் இருப்பவை அகலமாகி இடத்தை மூடுகின்றன, அவ்வளவுதான். எண்ணிக்கை 500 அளவுக்குக் கீழே இறங்கினால் மிச்சமிருப்பவற்றால் இறைத்து முடிக்க முடியாது. விழித்திரையின் நிலையும் இதுதான். அங்கே அழிந்த ஒளியுணர் உயிரணு திரும்பப் பிறக்காது. ஆகவே, தோலில் உயிரைக் காக்கும் அதே வீக்கம் கண்ணில் பார்வையைப் பறித்துவிடும். கிருமியைக் கொன்று கண்ணையும் கெடுக்கும் காவல் யாருக்கு வேண்டும்?

முயலின் கண்ணில் ஒரு துண்டுத் தோல்

இரண்டாம் உலகப் போரின்போது தீக்காயம் பட்டவர்களுக்குப் பிறருடைய தோலை ஒட்டினால் அது ஏன் சில வாரங்களில் உதிர்ந்துவிடுகிறது என்று ஆராய்ந்தவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடாவர். நிராகரிப்பு என்பது நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை என்று அவர் நிறுவினார். பின்னாளில் 1960இல் நோபல் பரிசு பெற்றார். 1948இல் அவர் வெளியிட்ட ஓர் ஆய்வுதான் நம் கதைக்கு முக்கியம்.

ஒரு முயலின் தோலிலிருந்து சிறு துண்டை எடுத்து, இன்னொரு முயலின் கார்னியாவுக்குப் பின்னால் இருக்கும் நீர் நிறைந்த அறைக்குள் வைத்தார். உடம்பில் வேறெங்கு ஒட்டினாலும் அழிந்திருக்க வேண்டிய அந்தத் தோல் அங்கே பிழைத்தது. ஆனால் அதற்குள் இரத்தக் குழாய்கள் வளராமல் இருந்தவரைதான். மூளைக்குள் வைத்தபோது முடிவு வேறு. முன்பு அந்தக் கொடை முயலின் தோலைச் சந்தித்திராத முயலின் மூளையில் தோல் துண்டு எதிர்ப்பைத் தூண்டவில்லை. ஏற்கனவே சந்தித்து எதிர்ப்பு வளர்த்துக்கொண்ட முயலின் மூளையிலோ அது அழிந்தது. அதாவது, மூளை எதிர்ப்பைத் தொடங்கி வைப்பதில்லை. வேறிடத்தில் தொடங்கிய எதிர்ப்பு வந்து தாக்கினால் தப்பிப்பதும் இல்லை.

இவ்வாறு அந்நியத் திசுவைப் பொறுத்துக்கொள்ளும் இடங்களுக்கு ‘எதிர்ப்புச் சலுகை பெற்ற இடங்கள்’ என்று பெயர் வந்தது. கண், மூளை, ஆண்களின் விந்தகம் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. சலுகை என்றதும் பேருந்தில் உங்களுக்குக் கிடைக்கும் மாணவர் கட்டணம் நினைவுக்கு வரலாம். ஒப்புமை மோசமில்லை. சலுகைக்கு நிபந்தனைகள் உண்டு, மீறினால் பறிபோகும்.

மெடாவர் காலத்தில் தரப்பட்ட விளக்கம் எளிமையானது. கார்னியாவில் இரத்தக் குழாய் இல்லை. தனக்கு வேண்டிய உயிர்வளியைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கண்ணுக்குள் இரத்தக் குழாய்கள் இருக்கும் இடங்களிலும் அவற்றின் சுவர் உயிரணுக்கள் இடைவெளியின்றித் தைத்ததுபோல் இறுகியிருக்கின்றன. எனவே வெள்ளையணுக்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது; தெரியாததால் சண்டை இல்லை. சுவர் எழுப்பிய கோட்டை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த விளக்கம் பாதிதான் சரி. மீதிப் பாதி 1970களில் அமெரிக்காவில் வெளிவந்தது. வேய்ன் ஸ்ட்ரெய்லைனும் ஹென்றி கேப்லனும் விலங்குகளின் கண்ணறைக்குள் அந்நிய உயிரணுக்களைச் செலுத்திவிட்டு உடலின் மற்ற இடங்களைக் கவனித்தார்கள். கண்ணுக்குள் நடப்பது உடலுக்குத் தெரியாது என்றால், பிறகு தோலில் அதே பொருளைச் செலுத்தும்போது வழக்கம்போல் எதிர்ப்பு வரவேண்டும். ஆனால் தோலிலும் எதிர்ப்பு மங்கியிருந்தது. ஆக, உடலுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் கையைக் கட்டிக்கொள்கிறது!

இது எப்படி நடக்கிறது என்பது பின்னர் எலிகளில் படிப்படியாகத் தெளிவானது. கண்ணறையை நிரப்பியிருக்கும் நீரில் சண்டையைத் தணிக்கும் புரதங்கள் கரைந்திருக்கின்றன. கண்ணுக்குள் சுற்றித் திரியும் காவல் உயிரணு ஒன்று அந்நியப் புரதத்தை விழுங்குகிறது. தோலில் இருக்கும் அதன் உறவினர் என்றால், விழுங்கியதை அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று அபாயச் சங்கு ஊதியிருக்கும். கண்ணில் இருப்பதோ அந்த நீரில் ஊறியதால் குணம் மாறி, இரத்தத்தின் வழியாக மண்ணீரலுக்குப் போகிறது. அங்கே அது தாக்கும் டி வெள்ளையணுக்களை எழுப்பாமல், தாக்குபவர்களை அடக்கும் டி வெள்ளையணுக்களை உருவாக்கச் செய்கிறது. அவை உடலெங்கும் சுற்றி, அந்தக் குறிப்பிட்ட புரதத்துக்கு எதிராக வீக்கம் எழாமல் பார்த்துக்கொள்கின்றன. மற்ற கிருமிகளுக்கு எதிரான ஆற்றல் குறைவதில்லை. இதற்கு மண்ணீரல் எவ்வளவு அவசியம் என்றால், மண்ணீரலை அகற்றிய எலிகளில் இந்த அடக்கம் உருவாவதே இல்லை. கண்ணில் நடக்கும் ஒரு காரியத்துக்கு இடது விலாவின் கீழிருக்கும் உறுப்பு வேண்டியிருக்கிறது என்பதை முதலில் படித்தபோது எனக்கு நம்புவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

இத்தனையும் தாண்டி, தாக்கத் துடிக்கும் வெள்ளையணு ஒன்று கண்ணுக்குள் நுழைந்துவிட்டால்? கார்னியா, விழித்திரை போன்றவற்றின் உயிரணுக்கள் தங்கள் மேற்பரப்பில் ஃபாஸ் லிகண்ட் என்னும் புரதத்தை வைத்திருக்கின்றன. விழித்தெழுந்த வெள்ளையணுவின் மேல் அதற்குப் பொருந்தும் பூட்டு ஒன்று இருக்கிறது. சாவி பூட்டில் விழுந்தவுடன் வெள்ளையணு தன்னைத் தானே அழித்துக்கொள்ளத் தொடங்குகிறது. வெடித்துச் சிதறாமல், சுருங்கி, சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து, பக்கத்து உயிரணுக்களால் விழுங்கப்படுகிறது. உள்ளே இருந்த நச்சுகள் வெளியே கசிவதில்லை. ஓசையில்லாத மரணம். 1990களில் நடந்த ஒரு சோதனையில், இந்தச் சாவி இல்லாத எலிகளின் கார்னியாவை வேறு எலிகளுக்குப் பொருத்தியபோது ஒன்றுகூட நிலைக்கவில்லை. சாவி உள்ள கார்னியாக்களில் கிட்டத்தட்டப் பாதி நிலைத்தன.

சிர்மின் நோயாளிக்குக் கிடைத்தது இந்தச் சலுகைதான். இன்றும் கார்னியா மாற்று சிகிச்சையில், சிறுநீரகத்துக்குச் செய்வதுபோல் திசுப் பொருத்தம் பார்ப்பது வழக்கமில்லை. இரத்தக் குழாய் வளராத, வீக்கமில்லாத கண்ணாக இருந்தால், ஸ்டீராய்டு சொட்டு மருந்து ஒன்றை வைத்தே முதலிரண்டு ஆண்டுகளில் பத்தில் ஒன்பது கார்னியாக்கள் நிலைக்கின்றன. ஆனால் பழைய புண்ணாலோ தொற்றாலோ இரத்தக் குழாய்கள் கார்னியாவுக்குள் ஏற்கனவே வளர்ந்திருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். அத்தகைய கண்களில் நிராகரிப்பு பாதிக்கும் மேற்பட்டவர்களைப் பாதிக்கலாம். நிராகரிப்பு தொடங்குவதை மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கவே முடியும். கார்னியாவின் உட்புறத்தில் வெள்ளையணுக்கள் ஒரு கோடாக அணிவகுத்து, ஓர் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகரும். கோட்டுக்கு முன்னால் கார்னியா தெளிவாக இருக்கும். கடந்து வந்த பகுதி நீர் ஊறி மங்கியிருக்கும். அதனால்தான் கார்னியா பெற்றவர்களிடம், கண் சிவந்தாலோ கூசினாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே வரச் சொல்கிறார்கள். அந்தக் கோடு முழுவதையும் கடந்துவிட்டால், செத்த உயிரணுக்களை மருந்தால் திரும்பக் கொண்டுவர முடியாது.

அடிபடாத கண்ணும் போகும்போது

சலுகை முறியும்போது என்ன ஆகும் என்பதற்கு ஒரு சோகமான எடுத்துக்காட்டு. பிரான்சில் கூப்ரே என்ற ஊரில், குதிரைச் சேணம் தைக்கும் ஒருவரின் பட்டறையில் அவருடைய மூன்று வயது மகன் விளையாடிக்கொண்டிருந்தான். தோலைத் துளைக்கும் குத்தூசி கைதவறி அவன் கண்ணில் பாய்ந்தது. ஒரு கண்தான் குத்துப்பட்டது. ஆனால் ஐந்து வயதாவதற்குள் இரண்டு கண்களிலும் பார்வை போய்விட்டது. அந்தச் சிறுவன்தான் லூயி பிரெய்ல். பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் எழுத்தை உருவாக்கியவர்.

அவருக்கு வந்தது, ஒரு கண்ணின் காயத்தால் மறு கண்ணும் அழற்சிக்கு உள்ளாகும் நோய் என்று கண் மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். கண்ணைத் துளைத்த காயம் அதன் உள்ளிருக்கும் புரதங்களை வெளியே கசியவிடுகிறது. அவை இம்முறை கண்ணறை நீரின் வழியாக மண்ணீரலுக்குப் போவதில்லை. கண்ணைச் சுற்றியுள்ள திசுவின் நிணநீர்க் குழாய் வழியாக, கழுத்துப் பக்கமுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. அங்கே தாக்கும் டி வெள்ளையணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அவற்றின் இலக்கு, கண்ணுக்கு நிறம் தரும் உயிரணுக்களின் புரதங்கள். அந்தப் புரதங்கள் மறு கண்ணிலும் அப்படியே இருக்கின்றன அல்லவா? இடது கண், வலது கண் என்ற பேதம் வெள்ளையணுக்களுக்குத் தெரியாது. மெடாவரின் முயல் மூளையில் கண்டது இங்கேயும் நடக்கிறது: வெளியில் தொடங்கிய எதிர்ப்பு, திரளாக உள்ளே புகும்போது சலுகை தாங்குவதில்லை.

பயப்பட வேண்டாம், இது அரிதானது. கண்ணைத் துளைத்த காயங்களிலும் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. பெரும்பாலும் காயம்பட்ட மூன்று மாதங்களுக்குள் தலைகாட்டும். சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் வந்திருக்கிறது. அடிபடாத கண் வெளிச்சத்தைக் கண்டு கூசுவதும், கிட்டத்தில் வைத்துப் படிக்கத் தடுமாறுவதும் முதல் அறிகுறிகள். முன்பெல்லாம் பார்வை திரும்ப வழியில்லாத கண்ணை இரண்டு வாரத்துக்குள் அகற்றிவிடுவார்கள். இன்று காயத்தை உடனே தைத்து மூடுகிறார்கள். நோய் தொடங்கினால் ஸ்டீராய்டும் எதிர்ப்பை அடக்கும் பிற மருந்துகளும் கொடுத்துப் பலருக்குப் பார்வையைக் காக்கிறார்கள்.

விந்தகத்தின் சிக்கல் வேறு விதமானது. எது நம்முடையது, எது அந்நியம் என்று நம் வெள்ளையணுக்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே கற்கத் தொடங்குகின்றன. விந்தணுக்களோ பருவ வயதில்தான் முதன்முதலாகத் தோன்றுகின்றன. அவற்றின் மேலுள்ள புரதங்களை அந்தப் பாடத்தில் வெள்ளையணுக்கள் பார்த்ததே இல்லை. ஆகவே விந்தணு, சொந்த உடலிலேயே ஓர் அந்நியன். செர்டோலி உயிரணுக்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, வளரும் விந்தணுக்களை இரத்தத்திலிருந்து பிரிக்கின்றன. கண்ணறை நீரில் இருப்பதுபோன்ற தணிக்கும் புரதங்களையும் சுரக்கின்றன. பொன்னுக்கு வீங்கி வைரஸ் பருவமடைந்த ஆண்களைத் தாக்கும்போது, நான்கைந்து பேரில் ஒருவருக்கு இந்த அமைதி குலைந்து விந்தகம் வீங்குகிறது. நம் நாட்டில் குழந்தைக்கு 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போடப்படும் தட்டம்மைத் தடுப்பூசியிலேயே பொன்னுக்கு வீங்கிக்கும் மருந்து சேர்ந்திருக்கிறது.

மூளையைப் பற்றிப் பாடநூல்கள் நெடுங்காலம் ஒன்று சொல்லிவந்தன: அங்கே நிணநீர்க் குழாயே கிடையாது என்று. 2015இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் அத்தகைய குழாய்களை எலிகளில் காட்டின. மூளையும் கோட்டைச் சுவருக்குள் ஒளிந்திருக்கவில்லை. கண்ணைப்போலவே, வெளியே செய்தி அனுப்பிக்கொண்டுதான் அமைதி காக்கிறது.

இந்த அமைதிக்கு ஒரு விலை உண்டு. வெள்ளையணுக்கள் கைகட்டி நிற்கும் இடம், கிருமிக்கு நல்ல மறைவிடம். 2014இல் சியரா லியோனில் இபோலா நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் இயன் கிரோசியருக்கே அந்நோய் தொற்றியது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் பல வாரம் உயிருக்குப் போராடி மீண்டார். இரத்தத்தில் வைரஸ் இல்லை என்று உறுதியான பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள். சுமார் இரண்டு மாதம் கழித்து அவருடைய இடது கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கியது. கண்ணறையிலிருந்து ஊசியால் நீர் எடுத்துச் சோதித்தபோது அதில் உயிருள்ள இபோலா வைரஸ் இருந்தது. கண்ணீரிலும் கண்ணின் மேற்பரப்பிலும் இல்லை. நீல நிறமாக இருந்த அவர் கண் பச்சையாக மாறியது.

மருத்துவர்களின் இக்கட்டை யோசித்துப் பாருங்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் வீக்கம் அடங்கும், வைரஸுக்கு வசதியாகிவிடும். கொடுக்காவிட்டால் வைரஸை எதிர்க்கும் வீக்கமே கண்ணைத் தின்றுவிடும். வீக்கத்துக்கு ஸ்டீராய்டும், வைரஸுக்குச் சோதனை நிலையில் இருந்த ஒரு மருந்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். பார்வை மெல்லத் திரும்பியது. கண்ணின் நிறமும் நீலத்துக்கே மீண்டது. விந்தகத்தில் ஒளிந்த வைரஸ் இன்னும் நெடுநாள் தங்குகிறது. 2016இல் கினி நாட்டில், நோயிலிருந்து மீண்டு 500 நாட்களுக்கு மேலான ஒருவரின் விந்து வழியாக இபோலா மீண்டும் பரவியது. அதனால்தான் இபோலாவிலிருந்து மீண்ட ஆண்களுக்கு, இரத்தப் பரிசோதனையோடு நிறுத்தாமல் விந்துப் பரிசோதனையும் பல மாதங்களுக்குத் தொடர்ந்து செய்யப்படுகிறது.